இணையதளம் திறந்தாயிற்று, சாவி யார் கையில்?

உங்கள் அமைப்புக்கு இணையதளம் செய்து கொடுத்தவர் நாளை முதல் போனை எடுக்கவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். தளம் எத்தனை நாள் ஓடும்? பெரும்பாலான சிறு அமைப்புகளிடம் இதற்குப் பதில் இருக்காது. பதில் ஒரு தேதியில் இருக்கிறது. அந்தத் தேதி யாரோ ஒருவருடைய கணக்கில் இருக்கிறது. அது யாருடைய கணக்கு என்பதைத் தெரிந்துகொள்வதில்தான் ஒப்படைப்பு தொடங்குகிறது.

எடுத்துக்காட்டுக்கு மேல்சித்தாமூரைப் பார்ப்போம். திண்டிவனம், செஞ்சிப் பக்கத்துக் கிராமம். தமிழ் ஜைனர்களின் மடமும் பார்சுவநாதர் கோயிலும் இருப்பதால் ஊரின் அளவுக்கு மீறி வெளியூர்க்காரர்கள் வந்துபோகும் இடம். இப்படிப்பட்ட ஊரில், யாத்திரை வருபவர்களுக்குச் சாப்பாடும் தங்குமிடமும் தருவதற்காகச் சில குடும்பங்கள் சேர்ந்து ஒரு சிறு அறக்கட்டளை நடத்துவதாகக் கற்பனை செய்துகொள்வோம். தேர்த் திருவிழாவுக்கு முன்பாக ஒரு தளம் வேண்டும்: திருவிழா நாட்கள், அறை முன்பதிவு, நன்கொடை. திண்டிவனத்தில் தனியாகத் தொழில் செய்யும் ஒரு இளைஞர் 75,000 ரூபாய்க்குச் செய்து தருகிறார். வேர்ட்பிரஸில் கட்டிய தளம், பெயர் .org என்று முடிகிறது. திறந்தும் ஆயிற்று. இனி என்னென்ன கைமாற வேண்டும்?

முதலில் டொமைன்

தளத்தின் மற்ற எல்லாவற்றையும் திரும்பக் கட்டிவிடலாம். பெயர் போனால் போனதுதான். நோட்டீசில், ரசீதில், கல்வெட்டுப் பக்கத்துப் பலகையில் அச்சிட்ட முகவரி அதுதானே.

வேலை தொடங்கும்போது அவசரத்துக்கு அந்தத் தம்பி தன் சொந்தக் கணக்கிலேயே டொமைனை வாங்கியிருப்பார். இதில் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. அறக்கட்டளைச் செயலாளரிடம் கார்டு கேட்டு, ஓடிபி கேட்டு நேரம் போக்குவதைவிட அது எளிது. ஆனால் பதிவு நிறுவனத்தின் கண்ணில், யார் பெயரில் பதிவு இருக்கிறதோ அவர்தான் உரிமையாளர். பணம் கொடுத்தது நீங்கள் என்பதற்கு அங்கே கணக்கு இல்லை.

சரிபார்ப்பது சுலபம். lookup.icann.org என்ற பக்கத்தில் உங்கள் முகவரியைத் தட்டினால், அல்லது கணினியில் `whois` கட்டளை கொடுத்தால், இப்படிச் சில வரிகள் வரும்:

```
Registrar: ...
Registry Expiry Date: 2027-03-02T06:41:10Z
Domain Status: clientTransferProhibited
Registrant Organization: ...
Name Server: ...
```

இரண்டாவது வரி, பதிவு முடியும் நாள். மூன்றாவது வரியைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். கேட்காமல் வேறு நிறுவனத்துக்கு மாற்றிவிடாதபடி போட்டிருக்கும் பூட்டு அது, இருப்பது நல்லது. நான்காவது வரியில் அறக்கட்டளையின் பெயர் இருக்க வேண்டும். தனிநபர் விவரங்களை இப்போது பெரும்பாலும் மறைத்துவிடுவதால் அந்த இடம் மூடியிருக்கலாம். அப்படியானால் கணக்கைத் திறந்து உள்ளே பார்க்கச் சொல்லுங்கள்.

மாற்றும் வழி இரண்டு. ஒன்று, வேறு பதிவு நிறுவனத்துக்கே கொண்டுபோவது. அதற்குப் பூட்டைத் திறந்து, இரகசிய மாற்றுக் குறியீடு ஒன்றை வாங்கிக் கொடுக்க வேண்டும். புதிதாகப் பதிவான டொமைனைப் பொதுவாக முதல் 60 நாளுக்குள் இப்படிக் கொண்டுபோக முடியாது. இரண்டாவது வழி, அதே நிறுவனத்தில் அறக்கட்டளை பெயரில் ஒரு கணக்கு திறந்து, தம்பியின் கணக்கிலிருந்து அதற்குத் தள்ளிவிடுவது. சிறு அமைப்புக்கு இதுவே போதும்.

இங்கே ஒரு கண்ணி இருக்கிறது. உரிமையாளர் விவரமும் மின்னஞ்சலும் மாறியதும், பதிவு நிறுவனம் புதிய முகவரிக்கு ஒரு சரிபார்ப்பு மெயில் அனுப்பும். 15 நாளுக்குள் அதில் உள்ள இணைப்பைச் சொடுக்காவிட்டால் டொமைனை நிறுத்திவைக்கும். மெயில் ஸ்பாம் பெட்டிக்குள் கிடக்கும், யாரும் பார்க்க மாட்டார்கள். ஒப்படைத்து இரண்டு வாரம் கழித்துத் தளம் திடீரென்று காணாமல் போகும். எல்லோரும் சர்வரில் கோளாறு என்று நினைத்துத் தேடிக்கொண்டிருப்பார்கள்.

புதுப்பிக்க மறந்தால் என்ன ஆகும்? முடிவுநாள் தாண்டியதும் தளமும் மெயிலும் நின்றுபோகும். .org போன்ற பெயர்களுக்கு அதன்பின் நிறுவனத்தைப் பொறுத்து அதிகபட்சம் 45 நாள் வரை வழக்கமான கட்டணத்திலேயே புதுப்பிக்கலாம். அதையும் விட்டால் 30 நாள் மீட்புக் காலம் உண்டு; அப்போது கட்டணம் பல மடங்கு. பிறகு ஐந்து நாள் யாராலும் தொட முடியாது. ஆறாம் நாள் உலகத்தில் யார் வேண்டுமானாலும் அந்தப் பெயரை வாங்கலாம். பெரிய நிறுவனங்களும் இதில் சறுக்கியிருக்கின்றன. 1999 டிசம்பரில் மைக்ரோசாஃப்ட் தன் passport.com டொமைனைப் புதுப்பிக்க மறந்தது, ஹாட்மெயிலில் நுழைய முடியாமல் போனது. மைக்கேல் சேனி என்ற லினக்ஸ் நிரலாளர் தன் கையிலிருந்து 35 டாலர் கட்டிச் சரிசெய்தார். நமக்காக அப்படி யாரும் கட்ட மாட்டார்கள்.

மெயிலும் சிம் கார்டும்

கணக்கை அறக்கட்டளை பெயருக்கு மாற்றினால் மட்டும் போதாது. அந்தக் கணக்கின் கடவுச்சொல் மறந்தால் எந்த மெயிலுக்கு, எந்த போனுக்குச் செய்தி போகிறது என்று பாருங்கள். உண்மையான உரிமை அங்கேதான் இருக்கிறது.

செயலாளரின் சொந்த ஜிமெயிலைக் கொடுத்தால், அடுத்த நிர்வாகக் குழு வரும்போது கணக்கு அவரோடு போய்விடும். சரி, அமைப்பின் முகவரியே இருக்கட்டும் என்று office@ எனத் தொடங்கும் அதே டொமைன் மெயிலைக் கொடுத்தால் இன்னொரு சிக்கல். டொமைன் காலாவதியானால் அந்த மெயிலும் சாகும். ‘புதுப்பியுங்கள்’ என்ற எச்சரிக்கை வந்து சேர வழியே இருக்காது. அதனால் அறக்கட்டளைக்கென்று தனியாக ஒரு ஜிமெயில் திறந்து, டொமைன், ஹோஸ்டிங் இரண்டையும் அதில் பதிவது பாதுகாப்பு.

அதேபோல் அலுவலகத்துக்கு ஒரு சிம். அதை ஒரு சாதாரண பட்டன் போனில் போட்டு, மேசையில் வைத்துக்கொள்ளலாம். ஓடிபி எல்லாம் அதற்கு வரட்டும். ஒரே ஒரு எச்சரிக்கை: ப்ரீபெய்டு சிம்மைத் தொடர்ந்து 90 நாள் பயன்படுத்தாமல் விட்டால் இணைப்பைத் துண்டிக்க வாய்ப்பு உண்டு. எண் வேறொருவருக்குப் போனால் உங்கள் ஓடிபியும் அவருக்குத்தான் போகும். ரீசார்ஜ் செய்ய வேண்டிய தேதியை நாட்காட்டியில் குறித்துவைக்க வேண்டும்.

இரண்டடுக்குச் சரிபார்ப்பு போட்டால், போன் தொலைந்த நாளுக்கென்று கூகுள் பத்துக் காப்புக் குறியீடுகள் தருகிறது. ஒவ்வொன்றும் ஒரு தடவைதான் செல்லும். அதை அச்செடுத்து, பத்திரங்கள் இருக்கும் பீரோவில் வையுங்கள்.

பணம் வரும் வழி

ஹோஸ்டிங் கணக்கையும் இதே முறையில் மாற்றலாம். நன்கொடை வாங்கும் பேமென்ட் கேட்வே மட்டும் வேறு மாதிரி. அதைத் தொடக்கத்திலேயே அறக்கட்டளையின் பான் எண், வங்கிக் கணக்கு, கேஒய்சி ஆவணங்களைக் கொண்டே திறக்க வேண்டும். தம்பியின் பெயரில் திறந்துவிட்டுப் பிறகு மாற்றிக்கொள்வோம் என்பது நடக்காத காரியம். அவருக்குத் தேவைப்படுவது தளத்தில் பொருத்தும் ஏபிஐ சாவி மட்டுமே. வேலை முடிந்ததும் பழைய சாவியை ரத்துசெய்து புதிது எடுத்துப் போடச் சொல்லுங்கள். பிறகு உங்கள் போனிலிருந்தே பத்து ரூபாய் நன்கொடை அனுப்பி, ரசீது வருகிறதா, பணம் வங்கியில் சேர்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.

கூகுள் மேப்பில் உள்ள இடப்பதிவு, யூடியூப் சானல், ஃபேஸ்புக் பக்கம் ஆகியவற்றிலும் முதன்மை உரிமையாளர் அறக்கட்டளைதானா என்று பார்த்து, தம்பியை மேலாளர் நிலைக்கு இறக்கினால் கணக்குகள் முடிந்தன.

நான்கு பக்கத்தில் ஒரு கையேடு

ஆவணம் என்றதும் அறுபது பக்கம் எதிர்பார்க்க வேண்டாம். அப்படி ஒன்று கொடுத்தாலும் யாரும் படிக்கப்போவதில்லை. தேவைப்படுவது நான்கைந்து பக்கம்.

முதல் பக்கத்தில் கணக்குகளின் பட்டியல்: எந்த நிறுவனம், எந்த மெயில், என்று புதுப்பிக்க வேண்டும், ஆண்டுக்கு எவ்வளவு. கடவுச்சொல்லை இதில் எழுதக் கூடாது. அது எங்கே இருக்கிறது என்று மட்டும் எழுதினால் போதும். அடுத்த பக்கம், அடிக்கடி செய்யும் வேலைகள்: அறிவிப்புப் போடுவது, அறையை ‘நிரம்பியது’ என்று மாற்றுவது. மூன்றாவது, தளத்தில் பயன்படுத்திய தீம், பிளக்இன் பட்டியல், ஒவ்வொன்றின் லைசென்சும் யார் கணக்கில் என்ற விவரத்தோடு. காசு கொடுத்து வாங்கிய பிளக்இன் தம்பியின் கணக்கில் இருந்தால், அவர் புதுப்பிக்காத ஆண்டு உங்களுக்கு அப்டேட் வராது. தளம் வழக்கம்போல ஓடும், ஓட்டை மட்டும் அடைபடாமல் கிடக்கும். கடைசிப் பக்கம், தளம் விழுந்தால் பேக்கப்பிலிருந்து எழுப்பும் முறை.

இந்தக் கையேடு சரியா என்று அறிய ஒரு வழிதான் உண்டு. தளம் கட்டும் வேலையில் இல்லாத ஒருவரிடம் கொடுத்து, “இதைப் பார்த்துத் திருவிழாத் தேதியை மாற்றுங்கள்” என்று சொல்லிவிட்டு, பக்கத்தில் பேசாமல் உட்கார வேண்டும். அவர் எந்த வரியில் தடுமாறுகிறாரோ அந்த வரியைத் திருத்தி எழுத வேண்டும்.

பயிற்சி: பார்ப்பது வேறு, செய்வது வேறு

வழக்கமான பயிற்சி எப்படி நடக்கும்? தம்பி லேப்டாப்பைத் திறந்து ஒரு மணி நேரம் வேகமாகச் சொடுக்கிக் காட்டுவார். சுற்றி நிற்பவர்கள் தலையாட்டுவார்கள். மறுவாரம் அலுவலகத்து அக்கா போன் செய்வார்: “தம்பி, அந்த போட்டோ எங்கே போடணும்னு சொன்னீங்க?”

மவுஸ் அக்காவின் கையில் இருக்க வேண்டும். தம்பி வாயால் மட்டும் சொல்ல வேண்டும். செய்யச் சொல்ல வேண்டியவையும் அவருக்கு உண்மையிலேயே வரப்போகும் வேலைகளாக இருக்க வேண்டும். போனில் எடுத்த படம் ஐந்து எம்பி இருக்கும். அதை 300 கேபிக்குள் சுருக்கி ஏற்றுவது ஒன்று. ஒரு பக்கத்தைத் தவறாக அழித்துவிட்டு அதைத் திரும்ப எடுப்பது இன்னொன்று. வேலையை விட்டுப் போன ஒருவரின் கணக்கை நீக்குவது மற்றொன்று. முழுவதையும் திரைப்பதிவு செய்துவைத்தால் அடுத்து வருபவருக்கும் உதவும்.

நம் பக்கத்தில் தவறாமல் வரும் ஒரு தொல்லையைப் பயிற்சியிலேயே காட்டிவிட வேண்டும். திருவிழா நோட்டீஸ் டிடிபி சென்டரில் பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடித்திருப்பார்கள். அதை அப்படியே எடுத்துத் தளத்தில் ஒட்டினால், ‘தமிழ்’ என்ற சொல் `jkpo;` என்று வரும். பக்கம் முழுக்க ஆங்கில எழுத்துக் குப்பை. தளம் கெட்டுவிட்டது என்று அக்கா பதறுவார். கெடவில்லை. பழைய எழுத்துருவில் ஆங்கில எழுத்தின் மேல் தமிழ் உருவம் போர்த்தியிருக்கும், அவ்வளவுதான். யூனிகோடு மாற்றியில் ஒருமுறை போட்டு எடுத்து ஒட்டினால் சரியாகிவிடும்.

யாருக்கு எவ்வளவு அதிகாரம் என்பதும் பயிற்சியின் ஒரு பகுதி. வேர்ட்பிரஸில் ‘அட்மினிஸ்ட்ரேட்டர்’ எதை வேண்டுமானாலும் அழிக்கலாம், பிளக்இன் ஏற்றலாம். ‘எடிட்டர்’ பக்கங்களையும் படங்களையும் மட்டும் கையாளலாம். அறிவிப்புப் போடுபவருக்கு எடிட்டர் போதும். அட்மின் இரண்டு பேருக்கு மேல் வேண்டாம். ஒருவராக இருந்தால் அவர் ஊரில் இல்லாத நாள் சிக்கல். பத்துப் பேராக இருந்தால் என்ன நடந்தது, யார் செய்தது என்று தெரியாது.

பணம் கொடுத்தோமே, நிரல் நம்முடையது இல்லையா?

இல்லை, எழுதிக் கொடுக்காதவரை இல்லை. 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 17ஆவது பிரிவுப்படி, ஒரு படைப்பின் முதல் உரிமையாளர் அதைப் படைத்தவர். சம்பளத்துக்கு வேலை செய்யும் ஊழியர் எழுதினால் அது முதலாளிக்குச் சேரும். ஆனால் ஒப்பந்தத்துக்கு வேலை எடுத்தவர் ஊழியர் அல்ல. அறை முன்பதிவுக்காக அவர் தனியாக எழுதிய நிரல் அவருடையதே. வேடிக்கை என்னவென்றால், காசு கொடுத்து எடுக்கச் சொன்ன புகைப்படத்துக்குச் சட்டம் வேறு மாதிரி சொல்கிறது: மாற்று ஒப்பந்தம் இல்லாவிட்டால் அது எடுக்கச் சொன்னவருக்கே சேரும்.

நிரலும் வேண்டும் என்றால் எழுத்தில், கையெழுத்தோடு உரிமை மாற்றம் வேண்டும் என்கிறது 19ஆவது பிரிவு. காலம் குறிப்பிடாவிட்டால் ஐந்து ஆண்டுக்கு என்றும், இடம் குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும் என்றும் சட்டம் எடுத்துக்கொள்ளும். ஆகவே ‘எல்லாக் காலத்துக்கும், எல்லா நாடுகளுக்கும்’ என்ற சொற்கள் அந்தத் தாளில் இருக்க வேண்டும். வேர்ட்பிரஸுக்கு இது பொருந்தாது. அது எல்லோரும் பயன்படுத்தத் திறந்துவிட்ட மென்பொருள். தம்பி தன் எல்லா வாடிக்கையாளர்களுக்கும் பயன்படுத்தும் பொது நிரல்களை முழுதாக எழுதிக் கேட்பதும் நியாயமில்லை. அவற்றை நீங்களும் எப்போதும் பயன்படுத்தலாம், மாற்றலாம் என்ற அனுமதி போதும்.

பராமரிப்பு ஒப்பந்தம்

தளம் திறந்தபின் முதல் இரண்டு மூன்று மாதம், கட்டியதிலேயே உள்ள பிழைகளை இலவசமாகத் திருத்தித் தருவது வழக்கம். அதற்குப் பின்னால் தொடங்குவதுதான் ஏஎம்சி. இந்த இரண்டையும் குழப்பிக்கொள்வதால்தான் பாதிச் சண்டை வருகிறது. முன்பதிவுப் படிவம் முதல் நாளிலிருந்தே தேதியைத் தவறாகக் காட்டினால் அது பிழை. ஆறு மாதம் கழித்து ஒரு பிளக்இன் மாறியதால் படிவம் உடைந்தால் அது பராமரிப்பு. அறையோடு வேனும் பதிவு செய்யும் வசதி வேண்டும் என்றால் அது புது வேலை, தனிக் கூலி.

சும்மா இருக்கும் தளத்துக்கு எதற்கு ஆண்டுதோறும் பணம் என்று குழுவில் யாராவது கேட்பார்கள். தளம் சும்மா இருந்தாலும் அதன் கீழே உள்ளவை சும்மா இருப்பதில்லை. வேர்ட்பிரஸ் ஓடும் பிஎச்பி மொழியின் ஒவ்வொரு பதிப்புக்கும் சில ஆண்டுகள்தான் பாதுகாப்புத் திருத்தம் வரும், 7.4ஆம் பதிப்புக்கு 2022 நவம்பரோடு நின்றுவிட்டது. ஹோஸ்டிங் நிறுவனம் ஒரு நாள் புதிய பதிப்புக்கு மாற்றும்போது, பழைய பிளக்இன் வெற்றுத் திரையைக் காட்டும்.

ஒப்பந்தத்தில் மாதம் ஒருமுறை அப்டேட், வாரம் ஒருமுறை பேக்கப், அந்த பேக்கப் ஹோஸ்டிங்கிலேயே இல்லாமல் அறக்கட்டளையின் டிரைவிலும் சேர வேண்டும் என்று எழுதுங்கள். ஆண்டுக்கு ஒருமுறையாவது அந்த பேக்கப்பை வேறிடத்தில் விரித்துக் காட்ட வேண்டும். விரித்துப் பார்க்காத பேக்கப்பை நம்பவே கூடாது. கோப்பு இருக்கும், உள்ளே தரவுத்தளம் இருக்காது.

நேரத்தை எழுதும்போது பதில் சொல்லும் நேரமும் சரிசெய்யும் நேரமும் வேறு வேறு என்பதைப் பாருங்கள். ‘நான்கு மணி நேரத்தில் கவனிக்கப்படும்’ என்றால் போனை எடுப்பார் என்று மட்டுமே பொருள். தளமே விழுந்தால் ஒரு நாளுக்குள், படம் தெரியாதது போன்ற சிறு கோளாறு என்றால் ஒரு வாரத்துக்குள் என்று இரண்டையும் பிரித்து எழுதலாம். தேர்த் திருவிழா நாட்களுக்குத் தனியாக ஒரு வரி சேர்க்கலாம். ஆண்டு முழுவதையும்விடத் தளத்துக்கு அந்தச் சில நாட்களில்தான் ஆள் வரும்.

விலகும் விதியையும் விடக் கூடாது. இரு தரப்பும் ஒரு மாத அறிவிப்பில் விலகலாம். விலகும்போது தளத்தின் முழு நகல், தரவுத்தளம், குறிப்புகள் எல்லாம் தர வேண்டும். நன்கொடையாளர்களின் பெயர், போன் எண் உள்ள தம் நகலை அழிக்க வேண்டும். டொமைன், ஹோஸ்டிங் கட்டணம் ஏஎம்சிக்குள் அடங்குமா என்பதையும் வெளிப்படையாக எழுதுங்கள். அடங்காமல், அறக்கட்டளையே நேராகக் கட்டுவது நல்லது. அப்போதுதான் ஏஎம்சி தகராறில் தளத்தின் பெயர் சிக்காது.

ஒரு நாள் வெளியேற்றிப் பாருங்கள்

எல்லாம் கைமாறியதா என்று அறிய, கையெழுத்துப் போட்ட பட்டியலைவிட நம்பகமான சோதனை ஒன்று உண்டு. 75,000இல் கடைசி 15,000 ரூபாயை இந்தச் சோதனைக்குப் பிறகு தருவது என்று தொடக்கத்திலேயே பேசிக்கொள்ளுங்கள். ஒரு நாள் குறித்து, தம்பியின் அனுமதிகளை எல்லாக் கணக்கிலிருந்தும் நீக்குங்கள். அவரும் அன்று எதையும் சொல்லித்தர மாட்டார். அறக்கட்டளை ஆட்களே டொமைன் கணக்கில் நுழைந்து முடிவுநாளைப் படிக்கட்டும். ஹோஸ்டிங்கில் நுழைந்து பேக்கப்பை இறக்கட்டும். ஓர் அறிவிப்புப் போட்டு, ஒரு பயனரைச் சேர்த்து, நீக்கட்டும். எந்த இடத்தில் “அந்த ஓடிபி தம்பி போனுக்குத்தான் போகுது” என்று யாராவது சொல்கிறார்களோ அங்கே ஒப்படைப்பு இன்னும் முடியவில்லை.

அந்த இடங்களைச் சரிசெய்தபின் பாக்கியைக் கொடுத்து, ஏஎம்சிக்குத் தேவையான அளவு அனுமதியோடு அவரைத் திரும்பச் சேர்த்துக்கொள்ளலாம். இது அவருக்கும் நல்லது. ஐந்து ஆண்டு கழித்து யாரோ புதுப்பிக்க மறந்து தளம் நின்றால், பழி அவர் தலையில் விழாது.